ஆப்பில் தெரியும் 41 லட்சம் எங்கே இருக்கிறது?

*ஐயா, அப்பா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், வயது 66. இரண்டு மாதம் முன்பு வாட்ஸ்அப்பில் ஏதோ பங்குச் சந்தைப் பயிற்சிக் குழுவில் அவரைச் சேர்த்துவிட்டார்கள். அவர்கள் அனுப்பிய லிங்க் வழியாக ஒரு ஆப்பை இறக்கி, ஐந்து தவணையாக 11 லட்சத்து 40 ஆயிரம் போட்டிருக்கிறார். கடைசித் தவணை போன வியாழக்கிழமை. இப்போது ஆப்பில் 41 லட்சத்து 20 ஆயிரம் காட்டுகிறது. எடுக்கப் போனால் லாபத்தில் 20 சதவீத வரியாக 5 லட்சத்து 96 ஆயிரத்தை முதலில் கட்டச் சொல்கிறார்கள். ஆரம்பத்தில் 5,000 ரூபாய் எடுத்துப் பார்த்தபோது உடனே வந்ததால் அப்பா முழுசாக நம்புகிறார். அம்மாவின் நகையை அடகு வைக்கப் பேசியாகிவிட்டது. கட்டலாமா? பாஸ்புக் பக்கத்தையும் சாட் படங்களையும் இணைத்திருக்கிறேன்.*
*– ஒரு மகள், கும்பகோணம்*

அன்புள்ள சகோதரி,

கட்ட வேண்டாம். ஒரு ரூபாய்கூட வேண்டாம். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

உங்கள் கடிதம் வந்த அன்றே, சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் போடுங்கள் என்று இரண்டு வரி பதில் அனுப்பியிருந்தேன். வியாழக்கிழமை போன பணத்துக்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம் என்பதால்தான் அந்த அவசரம். இப்போது விவரமாக எழுதுகிறேன். அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அவர் இன்னும் நம்புகிறார் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. அவர் நம்பும்வரை, உங்களுக்குத் தெரியாமல் ஆறாவது தவணை போய்விடும்.

முதலில் பாஸ்புக் பக்கத்தைப் பார்ப்போம். ஐம்பதாயிரம், ஒன்றரை லட்சம், மூன்று லட்சம், நான்கு லட்சம், இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். ஐந்து வரிகள், ஐந்து வரியிலும் வேறு வேறு பெயர். ஒன்று ஜவுளி வியாபாரம் போலத் தெரிகிறது, ஒன்று மொபைல் கடை, ஒன்று ஏதோ எண்டர்பிரைசஸ், மற்ற இரண்டும் தனிநபர் பெயர்கள். முப்பத்தொரு வருடம் வங்கியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த ஒரு பக்கம் போதும் எனக்கு. பங்குத் தரகு நிறுவனத்துக்குப் பணம் கட்டினால் அது அந்த நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்குத்தான் போகும். போன வாரம் ஒருவர், இந்த வாரம் இன்னொருவர் என்று மாறாது. இந்த ஐந்தும் வாடகைக்கு எடுத்த கணக்குகள். கமிஷனுக்கு ஆசைப்பட்டோ ஏமாந்தோ யாரோ தன் கணக்கைக் கொடுத்திருப்பார்கள். ஒரு கணக்கை போலீஸ் முடக்கினால் அடுத்ததற்கு மாறிக்கொள்வார்கள். உள்ளே வந்த பணம் சில நிமிடங்களில் நாலைந்து கணக்குகளாகப் பிரிந்து, ஏடிஎம் வழியாகவோ கிரிப்டோவாகவோ வெளியே போய்விடும்.

அப்படியென்றால் ஆப்பில் தெரிகிற 41 லட்சம்? அது அவர்கள் தட்டச்சு செய்த எண். நீங்கள் ஒரு தாளில் 41 லட்சம் என்று எழுதி பீரோவில் ஒட்டிவைத்தால் எப்படியோ, அப்படி. ஆப்பில் ஓடுகிற பங்கு விலைகள் நிஜச் சந்தையின் விலைகளாகவே இருக்கலாம், அதை எடுத்துக் காட்டுவது எளிது. அப்பா அந்தப் பங்கை வாங்கினார் என்பது மட்டும் பொய்.

இதை நான் சொல்லி அவர் நம்புவதைவிட, அவரே சோதித்துப் பார்ப்பது நல்லது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. அப்பாவுக்குப் பல வருடம் முன்பு வங்கி மூலம் எடுத்த டீமேட் கணக்கு ஒன்று இருப்பதாகவும், அதில் கொஞ்சம் பங்குகள் கிடப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். இந்தியாவில் யார் எந்த நிறுவனத்தின் வழியாகப் பங்கு வாங்கினாலும், அது கடைசியில் வந்து சேருமிடம் இரண்டே இரண்டு: ஒன்று என்எஸ்டிஎல், இன்னொன்று சிடிஎஸ்எல். ஒருவர் பான் எண்ணில் எத்தனை டீமேட் கணக்கு இருந்தாலும், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே அறிக்கையாக மெயிலில் அனுப்புவார்கள். வாங்கல் விற்றல் நடந்த மாதம் தவறாமல் வரும். அப்பாவின் மெயிலில் போன மாத அறிக்கை இருக்கிறதா என்று தேடுங்கள். வரவே இல்லை என்றால், அந்த மாதம் அவர் பெயரில் எந்தப் பங்கும் வாங்கப்படவில்லை என்று அர்த்தம். இருந்தால், அந்த ஆப் காட்டுகிற பங்குகளில் ஏதாவது ஒன்றின் பெயர் அதில் இருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். பழைய பங்குகள் மட்டும்தான் இருக்கும். ஆசிரியராக இருந்தவர், விடைத்தாளைப் பார்த்தால் புரிந்துகொள்வார்.

இதைக் குழுவில் கேட்டால் அவர்களிடம் பதில் தயாராக இருக்கும். "இது இன்ஸ்டிடியூஷனல் அக்கவுண்ட் சார், வெளிநாட்டு முதலீட்டாளர் வழியில் வாங்குகிறோம், அதனால் உங்கள் பெயரில் தெரியாது" என்பார்கள். நீங்கள் அனுப்பிய சாட்டிலேயே அந்த வார்த்தை ஓரிடத்தில் வருகிறது. இந்தியாவில் வசிப்பவர்களுக்கு அப்படி ஒரு வழி கிடையாது என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2024 பிப்ரவரியிலேயே பொதுமக்களுக்கு எச்சரிக்கை வெளியிட்டது, மிகச் சில விதிவிலக்குகள் தவிர. பங்குச் சந்தையில் தனிநபருக்கு 'இன்ஸ்டிடியூஷனல் அக்கவுண்ட்' என்று ஒன்று இல்லவே இல்லை.

அந்த நான்கு லட்ச ரூபாய் தவணையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் அப்பாவை மிரட்டியிருக்கிறார்கள். சாட் படத்தில் இருப்பது இது: புதுப் பங்கு வெளியீடு ஒன்றுக்கு அவர் பெயரில் விண்ணப்பித்தார்களாம், எதிர்பார்த்ததைவிட அதிகமாக ஒதுக்கீடு கிடைத்துவிட்டதாம், மீதிப் பணம் கட்டாவிட்டால் கணக்கு முடங்கி சிபில் ஸ்கோர் கெட்டுவிடுமாம். அப்பா பயந்துபோய் எஃப்டியை உடைத்திருக்கிறார். நிஜத்தில் ஐபிஓவுக்கு விண்ணப்பித்தால் பணம் நம் வங்கிக் கணக்கை விட்டு நகராது. விண்ணப்பித்த தொகை நம் கணக்கிலேயே பிளாக் ஆகி நிற்கும். ஒதுக்கீடு கிடைத்தால் அதற்கான பணம் மட்டும் கழியும், கிடைக்காவிட்டால் பிளாக் விலகிவிடும். இதற்கு அஸ்பா முறை என்று பெயர். விண்ணப்பித்த அளவுக்கு மேல் யாருக்கும் ஒதுக்க முடியாது. அதனால் 'கூடுதல் ஒதுக்கீட்டுக்குப் பணம் அனுப்பு' என்ற பேச்சுக்கே இடமில்லை.

சரி, இப்போது அந்த வரி. 20 சதவீதம் என்கிற எண் சரியானதுதான், அதனால்தான் ஏமாற்றுகிறது. பட்டியலிட்ட பங்கை ஒரு வருடத்துக்குள் விற்று லாபம் பார்த்தால், 2024 ஜூலை 23-க்குப் பிறகு வரி 20 சதவீதம். அவர்கள் கணக்கும் சரியாகவே போட்டிருக்கிறார்கள்: 41.20 லட்சத்தில் 11.40 லட்சம் போக லாபம் 29.80 லட்சம், அதில் 20 சதவீதம் 5.96 லட்சம். ஆனால் இந்த வரியைத் தரகர் வசூலிப்பதில்லை. இந்தியாவில் வசிப்பவர் தன் பான் எண்ணில், வருமான வரித் துறையின் தளத்தில் தானே கட்ட வேண்டியது அது. அதுவும் பங்கை விற்றுப் பணம் கைக்கு வந்த பிறகு. அப்பாவுக்கு இன்னும் சந்தேகம் இருந்தால் ஒரே ஒரு கேள்வி போதும்: எங்கள் 41 லட்சம் உங்களிடம் இருக்கிறதே, அதிலேயே ஆறு லட்சத்தைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்பக் கூடாதா? இதை அவர் மனதுக்குள் கேட்டுப் பார்த்தால் போதும், குழுவில் கேட்க வேண்டாம். ஆதாரம் எல்லாவற்றையும் எடுத்து முடிக்கும்வரை நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் ஐந்தே நிமிடத்தில் குழுவிலிருந்து தூக்கிவிட்டு, ஆப்பையும் முடக்கிவிடுவார்கள்.

அந்த 5,000 ரூபாய் திரும்பி வந்ததே என்று அப்பா கேட்பார். அது அவர் போட்ட ஐம்பதாயிரத்திலிருந்து வந்ததுதான். தூண்டிலில் மண்புழு கோப்பவனுக்கு மண்புழு நஷ்டமில்லை.

இப்போது செய்ய வேண்டியவை. 1930-க்குப் பேசிவிட்டீர்கள் என்றால், புகார் எண் எஸ்எம்எஸ்ஸில் வந்திருக்கும். இன்னும் பேசவில்லை என்றால் இந்தக் கடிதத்தை இங்கேயே வைத்துவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள். லைன் கிடைக்கவில்லை என்றால் cybercrime.gov.in தளத்தில் நேரடியாகப் பதிவு செய்யலாம். கையில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒவ்வொரு தவணைக்கும் தேதி, தொகை, பணம் போன கணக்கு எண், அப்புறம் யுடிஆர் எண். யுடிஆர் என்பது ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் வங்கி தருகிற தனி அடையாள எண். யுபிஐக்கு அது 12 இலக்கம், ஆர்டிஜிஎஸ்ஸுக்கு எழுத்தும் எண்ணுமாக 22. அந்த எண்ணைப் பிடித்துத்தான் பணம் எந்தக் கணக்குக்குப் போனது, அங்கிருந்து எங்கே போனது என்று ஒவ்வொரு வங்கியாகத் துரத்துவார்கள். எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே அதை நிறுத்திவைப்பார்கள். கடைசித் தவணையை முதலில் சொல்லுங்கள். இரண்டு மாதம் முன்பு போன ஐம்பதாயிரம் பெரும்பாலும் கரைந்திருக்கும். வியாழக்கிழமை போன 2.40 லட்சத்தில் ஏதாவது சிக்க வாய்ப்பு அதிகம்.

புகார் எண்ணோடு அப்பாவின் வங்கிக் கிளைக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். நகலில் தேதி, நேரம், முத்திரை வாங்குங்கள். பிறகு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் நேரில் போய் எழுத்துப் புகார் கொடுத்து எஃப்ஐஆர் கேளுங்கள். நிறுத்திவைத்த பணம் தானாக அப்பா கணக்குக்கு வந்துவிடாது. அதை விடுவிக்கப் பெரும்பாலும் நீதிமன்றத்தில் மனு போட வேண்டியிருக்கும். மாதக்கணக்கில் ஆகும். முழுத் தொகையும் கிடைக்கும் என்று உங்களுக்கு நான் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். அப்பா தன் கையால் அனுப்பிய பணம் என்பதால் வங்கி ஈடுகட்ட வேண்டும் என்று கேட்கவும் வழி குறைவு.

ஆனால் இன்னொரு ஆபத்து இருக்கிறது, அதில் வங்கிக்குச் சொன்ன நேரம் மிக முக்கியம். அந்த ஆப் பிளே ஸ்டோரிலிருந்து வரவில்லை, லிங்க் வழியாக ஏபிகே கோப்பாக வந்திருக்கிறது. அப்படி நிறுவும் ஆப்புகள் பல நேரம் எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியையும், திரையைக் கட்டுப்படுத்தும் 'அக்சஸிபிலிட்டி' அனுமதியையும் கேட்டு வாங்கிக்கொள்ளும். வாங்கிவிட்டால் ஓடிபி அப்பாவுக்கு வருவதற்கு முன் அவர்களுக்குப் போகும். ஆதாரும் பானும் கொடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆக அப்பா எதுவும் செய்யாமலே அவர் கணக்கிலிருந்து பணம் போகலாம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, நாம் வங்கிக்குத் தெரிவித்த பிறகு நம் அனுமதியின்றி நடக்கிற எந்தப் பரிமாற்றத்துக்கும் பொறுப்பு வங்கியுடையது. அதனால்தான் முத்திரையில் நேரமும் கேட்கச் சொன்னேன்.

அப்பாவின் போனை இப்படிக் கையாளுங்கள். அதிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல், உங்கள் போன் கேமராவால் ஆப்பின் திரைகளையும், குழுவின் உறுப்பினர் எண்களையும், பணம் அனுப்பச் சொன்ன சாட்களையும் படம் எடுங்கள். எடுத்ததும் அந்தப் போனில் நெட்டையும் வைஃபையையும் அணையுங்கள். அதன் பிறகு வேறு போனிலிருந்தோ கணினியிலிருந்தோ நெட் பேங்கிங் கடவுச்சொல்லையும், மெயிலின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். மெயிலை மறக்காதீர்கள். பெரும்பாலான கணக்குகளில் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்று அழுத்தினால் சாவி வருவது அங்கேதான். போனை முழுசாக அழித்து ரீசெட் செய்வது போலீஸ் பார்த்த பிறகு.

கிளையில் இன்னொரு விஷயத்தையும் கேளுங்கள். இது பலருக்குத் தெரியாது. கணக்கு மோசடிக்காரர் கைக்குப் போனாலும் எஃப்டி பத்திரமாக இருக்கும் என்று நினைக்கிறோம். பல வங்கிகளில் எஃப்டியை அடமானமாகக் காட்டி ஆன்லைனிலேயே ஓவர் டிராஃப்ட் எடுக்க முடியும், இரண்டு நிமிட வேலை. எஃப்டி அப்படியே இருக்கும், அதன் மேல் கடன் ஏறியிருக்கும், பணம் போயிருக்கும். அப்பாவிடம் மீதியுள்ள எஃப்டிக்கு ஆன்லைனில் கடன் எடுக்கவோ முன்கூட்டியே உடைக்கவோ முடியாதபடி, கிளைக்கு நேரில் வந்தால்தான் என்று மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். எல்லா வங்கியிலும் வசதி ஒரே மாதிரி இருக்காது. முடியாது என்றால், அந்த வசதி இல்லாத வங்கிக்கோ அஞ்சலகத்துக்கோ மாற்றலாம்.

இனி வீட்டுக்கான பழக்கங்களில் நான் முதலில் சொல்வது இரண்டு கணக்கு. பென்ஷனும் சேமிப்பும் இருக்கும் கணக்கில் யுபிஐ இணைக்கவே வேண்டாம், டெபிட் கார்டை வீட்டில் பூட்டி வையுங்கள். மளிகை, மருந்து, ரீசார்ஜ் எல்லாம் இன்னொரு சின்னக் கணக்கிலிருந்து. மாதம் ஒருமுறை அதில் பதினைந்தாயிரமோ இருபதாயிரமோ போட்டுக்கொள்ளலாம். அப்புறம் எந்த லிங்கைத் தொட்டாலும், எந்த ஓடிபி போனாலும், போவது அந்தச் சின்னக் கணக்கில் இருப்பதுதான். சேமிப்புக் கணக்கின் நெட் பேங்கிங்கில் தினசரி அனுப்பும் வரம்பைப் பத்தாயிரத்துக்குக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். பெரிய தொகை தேவைப்பட்டால் கிளைக்குப் போகட்டும். அந்த அரை மணி நேர அலைச்சலில்தான் பலருடைய பணம் தப்பியிருக்கிறது.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். நான் கிளையில் இருந்தபோது ஒரு பெரியம்மா ஆறு லட்சத்துக்கு ஆர்டிஜிஎஸ் படிவம் நிரப்பிக்கொண்டு வந்தார். பணம் பெறுபவர் பெயர் யாரோ ஒரு டிரேடர்ஸ். எதற்கு அனுப்புகிறீர்கள் என்றேன். "மனை வாங்கறதுக்கு" என்றார், ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எந்த ஊர் மனை என்று கேட்டதும் கையில் இருந்த போனைப் பார்த்தார். போன் ஓடிக்கொண்டிருந்தது, எதிர்முனையில் ஆள் இருந்தான். வங்கியில் கேட்டால் மனை என்று சொல்லச் சொல்லியிருந்தான். நான் அவரை உள்ளே அழைத்து, போனை அணைத்து, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, அவர் மகனைக் கூப்பிட்டேன். அந்த ஆறு லட்சம் போகவில்லை. வங்கியில் பொய் சொல்லச் சொல்கிற எவரும் நல்லவர் இல்லை என்பதை அப்பாவிடம் இந்தக் கதையோடு சொல்லுங்கள். அந்த 3 லட்சத்துக்கும் 4 லட்சத்துக்கும் கிளையில் என்ன காரணம் எழுதினார் என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

அவர் மறுபடி பங்குச் சந்தைக்குப் போக விரும்பினால் தடுக்காதீர்கள், அவரிடம் ஏற்கனவே நல்ல டீமேட் கணக்கு இருக்கிறது. புதிதாக யாருக்காவது பணம் கட்டும் முன் செபியின் `SEBI Check` பக்கத்தில் அந்த யுபிஐ ஐடியையோ கணக்கு எண்ணையோ போட்டுப் பார்த்தால், அது பதிவு பெற்ற நிறுவனத்துடையதா என்று காட்டிவிடும். 2025 அக்டோபரிலிருந்து பதிவு பெற்ற தரகர்கள், மியூச்சுவல் ஃபண்டுகளின் யுபிஐ ஐடியில் `@valid` என்று வரும், அதை ஒட்டி வங்கியின் பெயர் இருக்கும். லிங்கில் வரும் ஆப்பை நிறுவாமலிருக்க, போன் செட்டிங்ஸில் `Install unknown apps` என்று தேடி, வாட்ஸ்அப், குரோம் உட்பட எல்லாவற்றுக்கும் அணைத்துவிடுங்கள். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம், வங்கி கேஒய்சி என்று எந்தப் பெயரில் ஏபிகே வந்தாலும் அது நிறுவாது.

அப்பாவைத் திட்டாதீர்கள். உறவினர் முன்னால் பேசாதீர்கள். வெட்கத்தில் மறைத்தால் அவர் தனியாக மாட்டிக்கொள்வார். முக்கியமாக, அடுத்து ஒரு போன் வரும். ஒரு வாரத்திலோ ஒரு மாதத்திலோ, சைபர் கிரைம் அதிகாரி என்றோ, வக்கீல் என்றோ, பணத்தை மீட்டுத் தரும் நிறுவனம் என்றோ ஒருவர் பேசுவார். அப்பா பெயர், தொகை, தேதி எல்லாம் சரியாகச் சொல்வார், ஏனென்றால் பட்டியல் அதே ஆட்களிடம்தான் இருக்கிறது. மீட்புக் கட்டணமாகவோ நீதிமன்ற வைப்புத்தொகையாகவோ கொஞ்சம் பணம் கேட்பார். அந்தப் போனை அப்பா எடுக்கும்போது பக்கத்தில் நீங்களோ அம்மாவோ இருக்க வேண்டும். எந்த எண்ணிலிருந்து வந்தது என்று குறித்துக்கொண்டு, உங்கள் புகார் எண்ணோடு காவல் நிலையத்தில் கொடுங்கள்.